பன்னிரண்டு நிறம், ஆறு அளவு, ஒரே ரீல்: எந்த முறையில் எடுப்பது?

ஒரே ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். வட்டக் கழுத்து, அரைக்கை, முன்னால் படமோ எழுத்தோ கிடையாது. ஆனால் பன்னிரண்டு நிறம், ஆறு அளவு. பெருக்கினால் 72 வகை. கடைக்காரர் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எல்லாத்தையும் ஒரே ரீல்ல காட்டிடுங்க." ஒரு வகைக்கு அரை விநாடி கொடுத்தாலும் 36 விநாடி ஆகிவிடும். பார்த்து முடித்தவரிடம் "என்னென்ன நிறம் இருந்தது?" என்று கேட்டால் முதல் நிறமும் கடைசி நிறமும் சொல்வார். நடுவில் ஒரு பச்சை போனதாக ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான்.

கடைகளுக்கு ரீல் எடுத்து, வெட்டி ஒட்டித் தருவது என் வேலை. இந்த 72 என்ற எண்ணைக் கேட்டதும் நான் முதலில் செய்வது அதை உடைப்பது. நிறமும் அளவும் பார்வையாளருக்கு ஒரே கேள்வி அல்ல. நிறத்தைப் பார்த்தாலே போதும், பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அளவைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. தன் உடம்போடோ, வீட்டில் இருக்கும் ஒரு சட்டையோடோ ஒப்பிட்டால்தான் தெரியும். அதனால் பெருக்கலை விட்டுவிட்டுக் கூட்டலுக்கு வருகிறோம்: 12 நிறம், அப்புறம் 6 அளவு. காட்ட வேண்டியவை 72 அல்ல, 18. எல்லா நிறத்திலும் எல்லா அளவும் உண்டு என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சரி, பன்னிரண்டு நிறத்தை எப்படிக் காட்டுவது? நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. எங்கள் பேச்சில் அவற்றுக்கு ஓட்டம், பூட்டு, பலகை என்று பெயர்.

ஓட்டம் என்பது எல்லோரும் முதலில் நினைப்பது. ஒருவர் சிவப்பு போட்டுப் படியிறங்குகிறார், இன்னொருவர் நீலத்தில் சிரிக்கிறார், கொடியில் மஞ்சள் ஆடுகிறது. பாட்டுக்கு ஏற்றபடி டக் டக்கென்று மாறும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு வெட்டிலும் ஆள் மாறுகிறார், இடம் மாறுகிறது, வெளிச்சம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. கண் எதைப் பின்தொடர்வது? புது முகம் வந்தால் கண் முகத்துக்குத்தான் போகும். சட்டை கடைசியில்தான் கவனத்துக்கு வரும், அதற்குள் அடுத்த வெட்டு. வெயிலில் எடுத்த பச்சையும் நிழலில் எடுத்த பச்சையும் வெவ்வேறு துணி போலத் தெரியும் என்பது அடுத்த தலைவலி. "இது ஒரே பச்சையா, ரெண்டு பச்சையா?" என்று கருத்துப் பகுதியில் கேள்வி வந்தால், ரீல் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். கடையை அறிமுகப்படுத்த ஓட்டம் சரி. வகைகளைக் காட்ட வேண்டாம்.

பூட்டு முறையில் கேமரா முக்காலியில் நிற்கிறது. ஆள் ஒருவர்தான், நிற்கும் இடமும் ஒன்றுதான், கை வைத்திருக்கும் விதமும் அதேதான். சட்டையின் நிறம் மட்டும் மாறுகிறது. சட்டகத்தில் மாறுவது ஒன்றே ஒன்று என்பதால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை, நிறத்தைத்தான் பார்க்கும். என் கணிப்பில் நான்கு முதல் எட்டு நிறம் வரை இதற்கு ஈடு கிடையாது. எட்டைத் தாண்டினால் தனியாக இது போதாது, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

பலகை முறையில் எல்லா நிறமும் ஒரே சட்டகத்தில் இருக்கும். மேலிருந்து எடுத்த படம், மடித்து அடுக்கிய பன்னிரண்டு சட்டை, மூன்று பத்தி, நான்கு வரிசை. இதில் மறதிக்கு வேலையில்லை, எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும். 1080 பிக்சல் அகலத்தில் மூன்று பத்தி என்றால் இடைவெளி போக ஒரு சட்டைக்கு 300 பிக்சல் கிடைக்கும். நிறம் தெரியும், துணி தெரியாது. ஆள் போட்டால் எப்படி விழும் என்பதும் தெரியாது.

நான்காவதாக ஒன்றைச் சிலர் கேட்பார்கள்: வெள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் எடுத்து, மற்ற பதினொன்றையும் மென்பொருளில் நிறம் மாற்றிவிடலாமே என்று. செய்யலாம், ஆனால் அது துணியின் நிறமாக இருக்காது. சாயம் ஏறிய துணியில் மடிப்பின் நிழல் நிறத்துக்கு நிறம் வேறுபடும். வெள்ளையில் மெல்லிய சாம்பலாக விழும் நிழல், கருப்பில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். வெள்ளையிலிருந்து உண்டாக்கிய கருப்பு, பிளாஸ்டிக் போர்த்தியது மாதிரி இருக்கும். பெட்டியைப் பிரிக்கும் வாடிக்கையாளர் கையில் இருப்பதையும் திரையில் பார்த்ததையும் ஒப்பிடுவார். திருப்பி அனுப்பும் செலவு, பன்னிரண்டு முறை சட்டை மாற்றும் அலுப்பைவிடக் கூடுதல். இதை இத்தோடு விடுகிறேன்.

ஆக, போட்டி பூட்டுக்கும் பலகைக்கும்தான். இரண்டும் எங்கே இடறுகின்றன என்று பார்த்தால் முடிவு தானாக வரும்.

பூட்டு முறையின் பெரிய எதிரி கேமராவின் புத்திசாலித்தனம். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் என்ன செய்கிறது? சட்டகத்தில் ஒரு நிறம் ஓங்கியிருந்தால் வெளிச்சமே அந்த நிறம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சிவப்புச் சட்டை போட்டவர் வந்து நின்றால் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர் லேசாக நீலப்பச்சை ஆகும். சிவப்பும் கொஞ்சம் செத்துப்போகும். தானியங்கி எக்ஸ்போஷரும் அப்படியே. கருப்புச் சட்டை வந்தால் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், கருப்பு சாம்பலாகும். வெள்ளை வந்தால் குறைக்கும், வெள்ளை அழுக்காகும். கேமரா முக்காலியில் அசையாமல் நின்றாலும், உள்ளே எல்லாம் ஆடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எடிட்டிங் செயலியில் ரீலை ஓட்டிச் சட்டையைப் பார்க்காதீர்கள். சட்டகத்தின் மேல் மூலையில் இருக்கும் வெற்றுச் சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் சுவர் அப்படியே இருந்தால் நிறங்கள் உண்மை. சுவர் மின்னினால், ஒரு வெட்டில் நீலமாகவும் அடுத்ததில் மஞ்சளாகவும் தோன்றினால், பன்னிரண்டில் ஒன்றைக்கூட நம்ப முடியாது.

தடுக்க, கைபேசியில் கையால் அமைக்கும் முறைக்குப் போய் ஒயிட் பேலன்ஸை ஒரு கெல்வின் எண்ணில், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்ணில், நிறுத்த வேண்டும். விளக்கு 5600 கெல்வின் என்றால் கேமராவும் அதே எண். திரையைத் தொட்டு அழுத்தினால் வரும் பூட்டு பல கைபேசிகளில் குவியத்தையும் எக்ஸ்போஷரையும் மட்டும்தான் பிடிக்கும். அது போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் ஒயிட் பேலன்ஸ் பின்வாசல் வழியாக நழுவிவிடும். எக்ஸ்போஷரை வெள்ளைச் சட்டையை வைத்து அமைத்துப் பூட்டுங்கள். வெள்ளையின் மடிப்புகள் தெரியும் அளவுக்குக் குறைத்தால் போதும். அதே அமைப்பில் கருப்பு கொஞ்சம் அமுங்கும். அதற்குப் பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்தால் மடிப்பின் விளிம்பு பிடித்துக்கொள்ளும். மாறாகக் கருப்பை வைத்து அமைத்தால் வெள்ளை வெளுத்துப்போய் வெறும் ஓட்டையாகும், அதைப் பிறகு மீட்க முடியாது.

ஜன்னல் வெளிச்சம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதுதான் அழகு என்பார்கள். அழகுதான். ஆனால் ஒருவர் பன்னிரண்டு சட்டை மாற்றி, முடி சரிசெய்து, தரையில் ஒட்டிய நாடாவின் மேல் கால் வைத்து மறுபடி நிற்பதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மேகம் வரும், வெயில் நகரும். முதல் சட்டையும் கடைசிச் சட்டையும் வேறு வேறு வெளிச்சத்தில் நிற்கும். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, நிறத்தை ஒழுங்காகக் காட்டும் இரண்டு எல்இடி விளக்குகளை வையுங்கள். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ என்ற எண் 95 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பூட்டு முறைக்கு இன்னொரு பலவீனம் நிறங்களின் வரிசையில் இருக்கிறது. கருநீலத்துக்கு அடுத்து கருப்பு வந்தால் பாதிப்பேர் நிறம் மாறியதையே கவனிக்க மாட்டார்கள். ஒன்று மறைந்துதான் அடுத்தது வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. எனவே நெருங்கிய நிறங்களை இதில் பிரித்துப் போட வேண்டும். கருநீலம், மாம்பழ மஞ்சள், கருப்பு என்று. பலகையில் நேர் எதிர்: கருநீலத்தையும் கருப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் இரண்டும் வேறு என்று புரியும். அரக்குக்கும் காப்பிக்கொட்டை நிறத்துக்கும், மயில்கழுத்துக்கும் கரும்பச்சைக்கும் அதே நியாயம்.

பலகையிலும் ஒரு பொறி இருக்கிறது, அது மிகப் பழையது. பிரான்சில் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல் என்பவரிடம், கருப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால் கருப்பு மங்கித் தெரிந்திருக்கிறது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்ற அவருடைய ஆய்வு 1839-இல் வெளிவந்தது. நம் பலகையிலும் கருநீலத்தின் மேல் கருப்பை முட்ட வைத்தால் கருப்பு பழசு போலத் தெரியும். தீர்வு சிரமமில்லை: இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர்சாம்பல் தரை தெரியட்டும். அடுக்குகள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் ஒப்பிடவும் முடியும், ஒன்று மற்றதைக் கெடுக்கவும் செய்யாது. கூடவே பலகையின் ஓரத்தில் ஒரு கை வந்து சட்டையைத் தொடட்டும். தோலின் நிறம் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். பார்ப்பவரின் கைபேசியில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி ஓடிக்கொண்டிருந்தாலும், கை மஞ்சளாகத் தெரிவதை வைத்துச் சட்டையும் அப்படித்தான் மாறியிருக்கிறது என்று கண் ஓரளவு கழித்துக்கொள்ளும்.

இப்போது எட்டைத் தாண்டினால் பூட்டு ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். ஒரு நேரத்தில் மனத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடியவை சுமார் நான்குதான் என்பது உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையின் மதிப்பீடு. நான்கு நிறம் என்றால் பிரச்சினையில்லை. எட்டு என்றால் "ஒரு நாலு அடர்ந்தது, ஒரு நாலு வெளிர்ந்தது" என்று இரண்டு குழுவாகப் பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வரிசையாகப் போனால் ஆறாவதில் பிடித்த நிறம் பத்தாவது வரும்போது நழுவிவிடும். ஆகவே பன்னிரண்டுக்கு என் முடிவு: பூட்டில் நான்கு நான்காகக் காட்டி, உடனே பலகையில் மொத்தத்தையும் நிறுத்துவது. பூட்டு ஆசையை உண்டாக்கும், பலகை எடுக்க உதவும்.

நேரக் கணக்கு இப்படி வரும். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள இசையை எடுத்தால் ஒரு தட்டு 0.6 விநாடி. ஒரு நிறத்துக்கு இரண்டு தட்டு, அதாவது 1.2 விநாடி. ஒரு நிறத்தைப் பார்த்து அதன் பெயரையும் படிக்க அது போதும். ஒரே தட்டுக்கு ஒரு நிறம் என்று வைத்தால் பெயர் படிக்க முடியாது, நிறம் மட்டும் கண்ணில் அடித்துவிட்டுப் போகும். பன்னிரண்டுக்கு 14.4 விநாடி. நான்கு நிறம் முடிந்ததும் ஆள் திரும்பி நிற்கும் ஒரு சின்ன அசைவு, ஒவ்வொன்றும் 1.2 விநாடி. கடைசி நான்குக்குப் பிறகு அது தேவையில்லை, பலகையே அந்த இடைவெளி. இதுவரை 16.8 விநாடி. பலகைக்கு நான்கு விநாடி, அசையாமல். அளவுக்கு ஏழு. மொத்தம் 28 விநாடிக்குச் சற்றுக் குறைவு. தொடக்கத்தில் கடைப் பெயர் சுழன்று வரும் அந்த மூன்று விநாடி வேண்டாம். முதல் சட்டையே முதல் சட்டகமாக இருக்கட்டும்.

வரிசை அடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குழுவின் நான்கும் ஒரே குடும்பமாக இருந்தால், உதாரணமாக நான்கும் நீலச்சாயல் என்றால், முன்னே சொன்ன கருநீலம்-கருப்பு சிக்கல் திரும்ப வரும். எனவே குழுவை நிறத்தால் பிரிக்காமல் அடர்த்தியால் பிரிக்கிறேன். முதல் நான்கு அடர்ந்தவை: அரக்கு, கருநீலம், கரும்பச்சை, கருப்பு. இரண்டாவது பளிச்சென்றவை: மிளகாய்ச் சிவப்பு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. மூன்றாவது வெளிர்ந்தவை: சந்தனம், இளஞ்சிவப்பு, வெளிர்சாம்பல், வெள்ளை. அடர்ந்த குழுவில் மட்டும் கருநீலத்துக்கும் கருப்புக்கும் நடுவே கரும்பச்சையோ அரக்கோ இருந்துவிட்டால் போதும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் பெயரும் எண்ணும் சேர்த்துப் போடுங்கள். பெயர் மட்டும் என்றால் சண்டை வரும். ஒருவருக்கு மெரூன் என்பது இன்னொருவருக்கு அரக்கு. எண் மட்டும் என்றால் உயிரில்லை. "3 கரும்பச்சை" என்று இருந்தால், ஆர்டர் கொடுப்பவர் "3, எல்" என்று அனுப்பிவிட்டுப் போவார். அந்த எண் கடையின் இருப்புப் பட்டியலில் உள்ள அதே எண்ணாக இருக்க வேண்டும். ரீலுக்கென்று புதிதாக எண் போட்டால் அடுத்த ரீலில் 3 வேறு நிறமாகிவிடும். எழுத்து எல்லா வெட்டிலும் ஒரே இடத்தில், ஆளின் மார்புக்கு மேலே இடது பக்கம். கீழ்ப்பகுதியைக் கணக்குப் பெயரும் விளக்கவுரையும் மூடிவிடும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மூடிவிடும். எழுத்தின் நிறத்தைச் சட்டையின் நிறத்துக்குப் பொருத்தும் ஆசை வரும். வேண்டாம். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது நிறத்தின் நுணுக்கம் வெளிச்சத்தின் நுணுக்கத்தைவிடக் குறைவாகத்தான் சேமிக்கப்படுகிறது. கருப்பின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து பதிவேற்றியதும் கசிந்து நிற்கும். கரும்பட்டையின் மேல் வெள்ளை எழுத்து என்றால் எங்கும் தப்பாது.

அப்புறம் அளவு. இதில்தான் பூட்டு முறை முழுதாகத் தோற்கிறது, பலர் அதைப் பரீட்சித்துப் பார்க்காமலேயே செய்கிறார்கள். நம் சட்டையில் எஸ் அளவின் மார்பு, தரையில் விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்தால் 19 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அளவுக்கும் ஓர் இன்ச் கூடி, த்ரீ எக்ஸ்எல் 24 இன்ச். அந்த 24 இன்ச் சட்டகத்தில் 864 பிக்சல் அகலம் பிடிக்கும்படி கேமராவை நிறுத்தினால் ஓர் இன்ச்சுக்கு 36 பிக்சல். சட்டையை நடுவில் வைத்து ஒவ்வோர் அளவாக மாற்றினால் பக்கத்துக்கு 18 பிக்சல்தான் நகரும். கைபேசித் திரையில் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஆறு வெட்டு வெட்டியும் பார்ப்பவருக்கு ஒரே சட்டை ஆறு முறை வந்த மாதிரிதான் இருக்கும்.

அடுக்கி வைத்தால் கதை மாறும். பெரியது கீழே, சிறியது மேலே, கைகளைப் பின்னால் மடித்து, ஆறு சட்டையின் இடது ஓரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து வையுங்கள். வித்தியாசம் முழுவதும் வலது பக்கம் சேர்ந்து, படிக்கட்டு மாதிரி ஆறு விளிம்பு தெரியும். ஒவ்வொரு படியும் 36 பிக்சல். ஒரே நிறத்தில் அடுக்கினால் விளிம்பு கரைந்துவிடும், அதனால் வெளிர்ந்ததும் அடர்ந்ததும் மாறி மாறி வையுங்கள். ஒவ்வொரு படியிலும் அளவின் எழுத்து. எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓர் அளவு நாடா. பார்ப்பவர் வீட்டில் நன்றாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டை விரித்து அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்தால் தன் படி எது என்று தெரிந்துகொள்வார். இதற்கு மூன்று விநாடி.

இதற்குப் போட்டி, ஆட்களை நிறுத்துவது. மூன்று உடல்வாகு, மூன்று அளவு, மூவரும் ஒரே நிறத்தில். நிறம் வேறு வேறாக இருந்தால் "எல் அளவு பச்சையில்தான் வருமா?" என்று கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் உயரமும் மார்புச் சுற்றளவும் போட்டிருக்கும் அளவும் எழுத வேண்டும். உயரம் எழுதாத ஆள் வெறும் அலங்காரம். சட்டை எங்கே முடிகிறது, தோளில் எப்படி உட்காருகிறது என்பதை நாடா சொல்லாது, ஆள்தான் சொல்வார். அதனால் இரண்டில் ஒன்று என்று நான் தேர்வு செய்வதில்லை: படிக்கட்டுக்கு மூன்று, ஆட்களுக்கு நான்கு. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் தொளதொளவென்று போடும் சட்டைக்கு ஆட்கள், உடம்போடு ஒட்டும் சட்டைக்குப் படிக்கட்டு.

அளவு அட்டவணையைக் கடைசிச் சட்டகமாக வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆறு வரிசை, நான்கு பத்தி, 24 எண். இரண்டு விநாடியில் யாரும் படிக்க மாட்டார்கள், நிறுத்திப் படிப்பார்கள் என்பதும் நம் ஆசைதான். அது விளக்கவுரையிலோ, தனிப் படப் பதிவாகவோ இருக்கட்டும்.

இருப்புத் தகவலும் அப்படித்தான். மாம்பழ மஞ்சளில் எக்ஸ்எல் தீர்ந்துவிட்டது என்பதை வீடியோவின் மேல் எழுதினால், அடுத்த வாரம் சரக்கு வந்த பிறகும் அது அங்கேயே நிற்கும். இன்ஸ்டாகிராமில் போட்ட ரீலின் வீடியோவை மாற்ற முடியாது, விளக்கவுரையைத்தான் திருத்த முடியும். அதனால் மாறாதது வீடியோவில், மாறுவது விளக்கவுரையில்.

பதின்மூன்றாவது நிறம் வரும்போதுதான் பூட்டு முறையின் கடன் தெரியும். கடைக்காரர் மூன்று மாதம் கழித்து "லாவெண்டர் வந்திருக்கு, அதையும் சேர்த்துடுங்க" என்பார். முக்காலியின் உயரம், மூன்று கால்களும் நின்ற இடம், ஆள் நின்ற நாடா, விளக்குகளின் தூரம், கெல்வின் எண், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து இடத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால் பன்னிரண்டு சட்டையையும் மறுபடி மாற்றச் சொல்ல வேண்டியதுதான். அதற்குள் அந்த ஆள் முடி வெட்டியிருப்பார்.